உமிச்சாம்பலுக்கு இரண்டு பொறிகள்

புழுங்கல் அரிசி ஆலையில் கிளம்பும் தூசி இரண்டு வகை. நெல்லைப் புடைக்கும்போதும், உமி நீக்கும்போதும், அரிசியைத் தீட்டும்போதும் எழுவது ஒன்று. மண், பதர்த் துணுக்கு, உமித்தூள், தவிடு எல்லாம் கலந்தது அது. நெல் அவிக்க நீராவி தரும் கொதிகலனில் உமி எரிந்து, புகையோடு கிளம்பும் சாம்பல் மற்றொன்று. முதல் வகை ஆலைக்குள் வேலை செய்பவர்களின் மூச்சுக்குள் போகிறது. இரண்டாவது வகை ஊர் முழுவதற்கும் போகிறது. இரண்டையும் பிடிக்க ஆலைகளில் பெரும்பாலும் இருக்கும் கருவிகள் இரண்டே: சைக்ளோன், பேக் ஃபில்டர் எனப்படும் பை வடிகட்டி. இவற்றில் எது எங்கே பொருந்தும் என்பதற்கான விடை, கருவியின் விலைப்பட்டியலில் இல்லை. தூசியின் உடம்பில்தான் இருக்கிறது.

ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ, சாம்பலாக மிஞ்சும். விறகுச் சாம்பலோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். காரணம், நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கும் சிலிக்கா. மணலும் இதே பொருள்தான். உமிச்சாம்பலில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு சிலிக்காதான் என்பதால், அது எரியாது, கரையாது, இரும்பையே தேய்த்துவிடும்.

எரிந்த பின்னும் உமியின் கூடு அப்படியே நிற்பதைச் சாம்பல் குவியலில் கையை விட்டுப் பார்த்தால் தெரியும். இலேசான அந்தக் கூடுகள் அடுப்பின் காற்றோட்டத்தில் எளிதாக மேலெழுகின்றன. போகிற வழியில் ஒன்றோடொன்று மோதி நொறுங்குகின்றன. அதனால் புகைபோக்கிக்குப் போகும் சாம்பலில் நூற்றுக்கணக்கான மைக்ரான் அளவுள்ள செதில்களும் இருக்கும், இரண்டு மூன்று மைக்ரான் பொடியும் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும். பெரிய செதில்கள் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். மொட்டை மாடியில் காயும் துணியில் கரும்புள்ளியாக ஒட்டுவதும், காயவைத்த வற்றலில் படிவதும் இவைதான். பத்து மைக்ரானுக்குக் கீழானவை கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் மிதக்கும். மூச்சுக்குழாய் வழியே உள்ளே போவதும் அவைதான்.

சைக்ளோன் பிடிப்பது முதல் கூட்டத்தை. இரண்டாவது கூட்டத்தைப் பிடிக்கத் துணிப்பை வேண்டும். மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்து கிளைப்பவையே.

சைக்ளோனுக்குள் சுழலும் உறுப்பு எதுவும் கிடையாது. மேலே உருளை, கீழே கூம்பு, அவ்வளவுதான். தூசி கலந்த காற்று உருளையின் பக்கவாட்டில், சுவரை ஒட்டியபடி நுழைகிறது. நேராகப் போக வழியில்லாததால் சுவரைத் தழுவிச் சுழன்றுகொண்டே கீழே இறங்குகிறது. கூம்பின் அடியில் திரும்பி, நடுவில் ஒரு சிறு சுழலாக மேலேறி, உச்சியில் உள்ள குழாய் வழியாக வெளியேறுகிறது. காற்று வளைந்துவிடும், அதில் உள்ள கனமான துகளால் அவ்வளவு விரைவாக வளைய முடியாது. பேருந்து திருப்பத்தில் நிற்பவர் வெளிப்பக்கம் சாய்வதைப் போல, துகள் சுவரில் போய் மோதுகிறது; சுவர் வழியே சறுக்கிக் கீழே இறங்குகிறது. அமெரிக்காவில் 1885-இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளாகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை.

துகளைச் சுவருக்குத் தள்ளும் விசை, காற்றின் வேகத்தையும் உருளையின் அகலத்தையும் பொறுத்தது. நுழைவாயிலில் நொடிக்கு 16 மீட்டர் வேகம், உருளையின் விட்டம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், துகள் உணரும் தள்ளுதல் அதன் எடையைப் போல ஏறத்தாழ 44 மடங்கு. விட்டத்தைப் பாதியாக்கினால் அது 88 மடங்காகும். இருநூற்றைம்பது மில்லிமீட்டர் குழாய்க்குள் அதே வேகத்தில் சுழலவிட்டால் 200 மடங்கைத் தாண்டும். பெரிய சைக்ளோன் ஒன்றுக்குப் பதிலாகச் சிறு குழாய்கள் பலவற்றை ஒரே பெட்டிக்குள் அடுக்கும் மல்டி சைக்ளோன் பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

அப்படியானால் குழாயை இன்னும் சிறிதாக்கி, வேகத்தை இன்னும் கூட்டி எல்லாத் தூசியையும் பிடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஒரு துகளின் அளவு பாதியானால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிறது. காற்று அதை இழுக்கும் பிடியோ பாதிதான் குறைகிறது. ஆகவே ஐந்து மைக்ரானுக்குக் கீழே, எவ்வளவு சுழற்றினாலும் துகள் காற்றோடு சேர்ந்தே வளைந்து வெளியேறிவிடுகிறது. வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் சுவரில் படிந்த தூசியையே காற்று மறுபடி வாரிக்கொண்டு போகும். விசிறியின் மின்செலவும் ஏறும். குழாயைச் சிறிதாக்கினால் சாம்பல் அடைத்துக்கொள்ளும். உமிச்சாம்பலைப் பொறுத்தவரை நன்றாகக் கட்டிய மல்டி சைக்ளோன் எடைக்கணக்கில் 90 விழுக்காட்டையோ அதற்குச் சற்று மேலோ பிடிக்கலாம். மீதிப் பத்து விழுக்காடு பெரும்பாலும் நுண்பொடிதான்.

சைக்ளோனைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் மேல்பகுதி அல்ல, அடிப்பகுதி. கொதிகலனில் புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் சைக்ளோனுக்குப் பின்னால் இருப்பதால், சைக்ளோனுக்குள் எப்போதும் உறிஞ்சும் நிலை இருக்கும். கூம்பின் அடியில் சாம்பல் வெளியேறும் இடத்தில் காற்றுப் புகாத பூட்டு ஒன்று வேண்டும். மெல்லச் சுழன்று சாம்பலை மட்டும் கீழே தள்ளும் ரோட்டரி வால்வு அந்த வேலையைச் செய்கிறது. அதன் இறக்கைகள் தேய்ந்தாலோ, சாம்பல் அள்ளும் வசதிக்காகத் தொழிலாளர்கள் அடிக்கதவைத் திறந்தே விட்டாலோ, வெளிக்காற்று அடியிலிருந்து மேல்நோக்கிப் பாயும். கூம்பின் நுனியில்தான் மேலேறும் சுழல் பிறக்கிறது. பிடிபட்ட சாம்பல் அத்தனையும் குவிவதும் அங்கேதான். உள்ளே புகும் காற்று அதை அள்ளி நேராகப் புகைபோக்கிக்குக் கொடுத்துவிடும். மொத்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கசிந்தால் போதும், சைக்ளோனின் வேலை பெரும்பாலும் வீண். பல இடங்களில் “சைக்ளோன் வைத்தும் சாம்பல் பறக்கிறது” என்ற குறைக்குப் பின்னால் இருப்பது வடிவமைப்புப் பிழை அல்ல, திறந்து கிடக்கும் இந்தக் கதவுதான்.

இன்னொரு எதிரி தேய்மானம். சிலிக்கா நிறைந்த சாம்பல் நுழைவாயிலுக்கு எதிர்ச்சுவரிலும் கூம்பின் கீழ்ப்பாதியிலும் தகட்டை அரித்து ஓட்டை போடும். அந்த இடங்களில் தடித்த தகடு, மாற்றக்கூடிய உள்தகடு அல்லது பீங்கான் ஓடு பதிப்பது வழக்கம்.

பை வடிகட்டியின் தத்துவம் வீட்டுக்குத் தெரிந்ததுதான்: மாவைத் துணியில் சலிப்பது. ஆனால் அதில் ஒரு வியப்பு உண்டு. புதுத் துணி நுண்தூசியை அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. முதலில் சிக்கிய தூசி துணியின் மேல் ஒரு மெல்லிய படலமாக ஒட்டுகிறது. அந்தப் படலமே உண்மையான சல்லடையாகிறது. துணி அதைத் தாங்கும் சட்டம் மட்டுமே. தூசியே தூசியைப் பிடிப்பதால்தான் ஒரு மைக்ரான் பொடிகூடத் தப்புவது கடினம். ஆகவே பையைப் பளிச்சென்று சுத்தம் செய்வது இதற்கு உதவாது. அளவோடு உதற வேண்டும்.

ஒரு பெரிய பெட்டிக்குள் நீண்ட குழாய் போன்ற பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பைகள் உள்நோக்கிச் சுருங்காமலிருக்கக் கம்பிக்கூண்டு உள்ளே நிற்கும். அழுக்குக் காற்று பைக்கு வெளியே வந்து, துணியைத் தாண்டி உள்ளே போய், மேலே சுத்தமாக வெளியேறும். படலம் தடித்தால் காற்று போகத் திணறும். அப்போது ஒவ்வொரு வரிசைக்கும் மேலுள்ள குழாயிலிருந்து ஐந்தாறு பார் அழுத்தக் காற்று, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பாயும். பை பட்டென்று விரிந்து, படலத்தின் வெளிப்பகுதி உதிர்ந்து கீழே விழும். மற்ற வரிசைகள் அப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு எண்ணை மட்டும் வாங்குபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: ஒரு சதுர மீட்டர் துணி வழியே நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று போகிறது என்பது. உமிச்சாம்பல் போன்ற நுண்ணிய, உராயும் தூசிக்கு இது ஒன்றை ஒட்டி இருந்தால் பைகள் நிம்மதியாக உழைக்கும். விலையைக் குறைக்கப் பைகளின் எண்ணிக்கையைக் குறைத்து இதை இரண்டுக்கு ஏற்றினால், தூசி துணியின் நாருக்குள் ஊடுருவி அடைத்துவிடும். அதன் பிறகு எவ்வளவு ஊதினாலும் வராது. மலிவான பை வடிகட்டி ஓராண்டுக்குள் விலை உயர்ந்ததாகிவிடும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

துணிக்கு மூன்று பகைகள்: வெப்பம், ஈரம், தீப்பொறி. மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கும் பாலியெஸ்டர் பை தொடர்ந்து தாங்குவது 130 டிகிரி செல்சியஸ் வரைதான். சூடும் நீராவியும் சேர்ந்தால் அதற்கு முன்பே நைந்துபோகும். அராமிட் நார் 200 டிகிரி வரை தாங்கும். மேலே மெல்லிய டெஃப்லான் படலம் ஒட்டிய கண்ணாடி நாரிழைப் பை 250-ஐ ஒட்டித் தாங்கும், ஆனால் அடிக்கடி மடங்கினால் முறியும். மறுபுறம், புகை அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்து. உமி எரியும்போது பிறக்கும் நீராவி துணியில் வியர்த்துவிட்டால், சாம்பல் களிமண்போல அப்பிக் காய்ந்து பையைக் கல்லாக்கிவிடும். காலையில் குளிர்ந்த கொதிகலனைப் பற்றவைக்கும் நேரம்தான் இதற்குரிய கெட்ட நேரம். அதனால் முதல் சூட்டில் புகையைப் பையைச் சுற்றி அனுப்பும் மாற்றுப்பாதை வைப்பதும், புதுப் பைகளில் முன்கூட்டியே சுண்ணாம்புத் தூளைப் படலமாக ஏற்றிவைப்பதும் வழக்கம். மாற்றுப்பாதையை நாள் முழுக்கத் திறந்தே வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அங்கே பைகள் மட்டும் பல்லாண்டு புதிதாகவே இருக்கும்.

தீப்பொறிதான் மூன்றிலும் கொடியது. உமிக்கூட்டுக்குள் எரியாத கரி கொஞ்சம் மிஞ்சி, கனன்றபடியே பறக்கும். ஒரு கனல் பையில் ஒட்டினால் சிறு துளை விழும். துளை வழியே வரும் சாம்பல் பக்கத்துப் பையை அறுக்கும். துணிப்பையை நேராகக் கொதிகலனுக்குப் பின்னால் வைக்கலாகாது என்பதும், நடுவில் ஒரு சைக்ளோன் நிற்க வேண்டும் என்பதும் இதிலிருந்து வரும் விதி. கனலைச் சுமக்கும் பெரிய துண்டுகளைச் சைக்ளோன் முதலிலேயே வீழ்த்திவிடுகிறது. இந்த அமைப்பில் இரண்டும் போட்டியாளர்கள் அல்ல. ஒன்று மற்றொன்றின் வாயிற்காவலன்.

ஓர் ஆலையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தேர்வு தெளியும். மணிக்கு 3 டன் நீராவி தரும் உமிக் கொதிகலனை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உமி சுமார் 3 கிலோ நீராவி தரும் என்று கொண்டால் மணிக்கு ஒரு டன் உமி எரியும். 200 கிலோ சாம்பல் பிறக்கும். அடுப்பின் வகையைப் பொறுத்து இதில் பறக்கும் பங்கு மாறும். பத்தில் மூன்று என்று வைத்தால் 60 கிலோ. புகையின் அளவு, 0 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 6,000 கன மீட்டர். அறுபது கிலோவை இதில் பரப்பினால் ஒரு கன மீட்டருக்கு 10,000 மில்லிகிராம். எதுவும் வைக்காத புகைபோக்கி வெளியே விடுவது இதுதான்.

இதில் 90 விழுக்காடு பிடிக்கும் மல்டி சைக்ளோனை வைத்தால் 1,000 மில்லிகிராம் மிஞ்சும். மிக நன்றாகப் பராமரித்து 94 விழுக்காடு பிடித்தால் 600. அதற்குக் கீழே இறக்குவது கடினம். புகைபோக்கியில் 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றால் 98.5 விழுக்காடு பிடிக்க வேண்டும். 50 என்றால் 99.5. எந்தச் சைக்ளோனும் அங்கே எட்டாது. ஆனால் சைக்ளோனுக்குப் பின்னால் பை வடிகட்டி நின்றால், அதற்கு வருவதே 1,000 மில்லிகிராம்தான். அதில் 95 விழுக்காட்டைப் பிடித்தாலே 50 ஆகிவிடும். துணிக்கு இது எளிது.

துணி எவ்வளவு வேண்டும்? புகை 180 டிகிரியில் விரிந்து மணிக்கு 10,000 கன மீட்டராகும், நிமிடத்துக்கு 167. மேலே சொன்ன ஒன்று என்ற விகிதத்தில் 167 சதுர மீட்டர் துணி. பதினைந்து சென்டிமீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள பை ஒன்றில் 1.4 சதுர மீட்டர் இருப்பதால், 120 பைகள். இந்தச் சூட்டில் பாலியெஸ்டர் உதவாது. ஒன்று, விலை கூடிய துணி வாங்க வேண்டும்; அல்லது புகையின் சூட்டைக் கொண்டு கொதிகலனுக்குப் போகும் தண்ணீரையோ எரிகாற்றையோ சூடாக்கி, புகையை 130-க்குக் கீழே இறக்க வேண்டும். இரண்டாவது வழியில் உமி மிச்சமாகும். ஆனால் புகை வியர்க்கும் எல்லையை நோக்கி நகர்வதால் காவல் கூடுதலாக வேண்டும்.

இந்தக் கணக்கோடு சட்டமும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இந்தியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் சிறு கொதிகலன்களுக்கு வகுத்த பொது வரம்பில், மணிக்கு 15 டன்னுக்குக் குறைந்தவற்றுக்குச் சைக்ளோன் அல்லது மல்டி சைக்ளோன் பரிந்துரைக்கப்படுகிறது. பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் வரம்பு 150 மில்லிகிராம். அங்கே பை வடிகட்டியோ மின்புலத்தால் தூசியை ஈர்க்கும் கருவியோ பரிந்துரைக்கப்படுகிறது. அளவை 12 விழுக்காடு கரியமில வாயுவுக்குச் சரிசெய்து பார்க்க வேண்டும் என்பதால், வெறும் காற்றைக் கலந்து எண்ணைக் குறைத்துக் காட்ட வழியில்லை. ஆலைக்குத் தரப்படும் இசைவாணையில் இதைவிடக் கடுமையான எண் இருக்கலாம்; அப்போது அதுவே வரம்பு. ஊருக்கு ஒதுக்குப்புறமான சிறு ஆலைக்கு, அடிப்பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் மல்டி சைக்ளோன் போதுமானதாக இருக்கலாம். குடியிருப்புகள் நெருங்கிவிட்ட ஆலைக்கோ, 150-க்குள் வர வேண்டிய ஆலைக்கோ, சைக்ளோனும் பையும் சேர்ந்தே வேண்டும்.

புகைபோக்கியிலிருந்து கரும்புகை வந்தால் இரண்டையும் குறை சொல்லிப் பயனில்லை. அது சாம்பல் அல்ல, அரைகுறையாக எரிந்த கரியின் மிக நுண்ணிய பொடி. ஈர உமி, குவியலாகக் கொட்டிய உமி, காற்றுப் போதாமை ஆகியவை அதன் காரணங்கள். மருந்து அடுப்பில்தான் இருக்கிறது.

ஆலைக்குள் எழும் தூசிக்குத் தேர்வு எளிது. அங்கே சூடும் இல்லை, கனலும் இல்லை. பாலியெஸ்டர் பை தாராளமாகப் போதும். உமியையும் தவிட்டையும் காற்றில் இழுத்துச் செல்லும் குழாய்களின் முடிவில் சைக்ளோன் நிற்பது தூசிக்காக மட்டுமல்ல. தவிடு விற்பனைப் பொருள், எண்ணெய் ஆலைக்குப் போவது. சைக்ளோனிலிருந்து தப்பும் நுண்தவிட்டைப் பை பிடிக்கும். ஆனால் தவிட்டில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. தீட்டும் இயந்திரத்திலிருந்து வரும் காற்றில் ஈரமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் பை பிசுபிசுத்து அடைக்கும், நாட்பட்டால் சிக்கு வாடையும் பூச்சியும் வரும். வழுவழுப்பாக்கிய மேற்பரப்புள்ள பைகளை இங்கே போட்டு, அவற்றை அடிக்கடி கழற்றித் தட்ட வேண்டியிருக்கும். உலர்ந்த தானியத் தூசி மூடிய பெட்டிக்குள் வெடிக்கக்கூடியது என்பதால் இந்தப் பெட்டிகளுக்கு நில இணைப்பும், அழுத்தம் வெளியேறும் பலவீனமான ஒரு கதவும் வேண்டும்.

கருவி ஒழுங்காக இருக்கிறதா என்பதைப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து மட்டும் அறிய முடியாது. சைக்ளோனில் பார்க்க வேண்டியது அடியில் விழும் சாம்பல். எரியும் உமி குறையாமலே விழும் சாம்பல் குறைந்தால், அது வேறு எங்கோ போகிறது என்று பொருள். ரோட்டரி வால்வின் விளிம்பருகே ஊதுபத்தியைப் பிடித்தால், கசிவு இருக்கும் இடத்தில் புகை உள்ளே இழுபடும். ஓடிக்கொண்டிருக்கும் சைக்ளோனின் கூம்பு மட்டும் மேற்பகுதியைவிடக் குளிர்ந்திருந்தால் உள்ளே சாம்பல் அடைத்து நிற்கிறது.

பை வடிகட்டிக்கு நம்பகமான சாட்சி, பைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டர். தண்ணீர் மட்டக் கணக்கில் 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை நின்றால் சரி. நாள்கணக்கில் மெல்ல ஏறி 200-ஐத் தாண்டினால் பைகள் அடைபடுகின்றன. ஊதும் காற்றில் ஈரமோ எண்ணெயோ வருகிறதா, வால்வுகள் எல்லாம் அடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பலரும் மகிழ்ச்சியோடு தவறாகப் படிப்பது இதற்கு நேர்மாறான அறிகுறியை. முள் ஒரே நாளில் 50-க்கு இறங்கினால் பைகள் சுத்தமாகிவிட்டன என்று பொருளல்ல. எங்கோ ஒரு பை கிழிந்து, காற்று தடையில்லாமல் அதன் வழியே போகிறது. ஆலையை நிறுத்தி, மேல்மூடியைத் திறந்து, பைகள் தொங்கும் தகட்டின் சுத்தமான பக்கத்தைப் பார்த்தால் எந்தப் பையின் வாயைச் சுற்றிச் சாம்பல் படிந்திருக்கிறதோ அதுதான் கிழிந்தது. அதை மாற்றும்போது அதைச் சுற்றியுள்ள பைகளையும் விளக்கடித்துப் பார்ப்பார்கள். கிழிசல் வழியே பீறிட்ட சாம்பல் அவற்றையும் தேய்த்திருக்கும்.